சீனம் பேசும் சக ஊழியர்களுக்குப் பொங்கலை அறிமுகப்படுத்தும் குறுஞ்செய்தி: எழுதும் முறை

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் தமிழர் பலர் பொங்கலன்று அலுவலகக் குழுவில் ஒரு வாழ்த்தைப் போடுகிறார்கள். சீனத்தில் எழுதினால் சீனம் வாசிக்கும் தோழர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்தால் பொங்கல் வேறேதோ பண்டிகையாகிவிடும். கோலம் சேமியாவில் போட்டதாகவும், நெய் மாட்டுக் கொழுப்பாகவும் படிக்கப்படும். ஏழெட்டு வரிச் செய்தியை அப்படிப்பட்ட பிழை இல்லாமல் எழுதுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். சிங்கப்பூர் அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். மற்ற ஊர்களில் எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

முதலில்: பண்டிகையின் பெயர்

பொங்கலுக்குச் சீனத்தில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. ஒலியை ஒட்டி 庞格尔节 என்று எழுதுவோர் உண்டு. வேறு எழுத்துகளில் எழுதுவோரும் உண்டு. முதன்முறை பார்ப்பவருக்கு அந்த எழுத்துகள் எதையும் சொல்லாது. ஆகவே பொருளைச் சொல்லும் 丰收节 (ஃபெங் ஷோ ஜியே, அறுவடைத் திருநாள்) என்பதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் Pongal என்று ரோமன் எழுத்தில் வையுங்கள். அலுவலகத்தில் எல்லோரும் அந்த ஒலியைத்தானே கேட்டிருப்பார்கள்.

ஆனால் 丰收节 மட்டும் தனியே நின்றால் போதாது. சீனாவிலிருந்து வந்தவருக்கு அது 2018 முதல் செப்டம்பர் மாதச் சம இரவு நாளில் கொண்டாடப்படும் விவசாயிகள் திருநாளை நினைவூட்டும். மலேசியருக்கு அது மே இறுதியில் சபாவில் வரும் காமாத்தான் என்ற அறுவடைத் திருநாள். அதனால் முன்னால் "தமிழர்" என்ற சொல் வந்தே ஆக வேண்டும்.

அந்தச் சொல்லும் ஊருக்கு ஊர் மாறுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் என்பது 淡米尔 (தான் மீ அர்). சீனாவில் 泰米尔 (தாய் மீ அர்). இதில் வரும் 泰 என்ற எழுத்துதான் தாய்லாந்துக்கும் முதலெழுத்து. "தைப் பொங்கல்" என்பதை ரோமன் எழுத்தில் Thai Pongal என்று போட்டாலோ குழப்பம் இரண்டு மடங்கு. தாய்லாந்துப் பண்டிகை என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். எனவே "தை"யை விட்டுவிட்டு Pongal என்று மட்டும் எழுதுங்கள்.

"இந்தியப் புத்தாண்டு" என்று பொருள்படும் 印度新年 வேண்டவே வேண்டாம். பொங்கல் புத்தாண்டு அல்ல. இந்தியர் அனைவருக்கும் ஒரே பெயரில் வருவதும் அன்று. அதேபோல் 印度教节日 (இந்து மதப் பண்டிகை) என்றும் எழுத வேண்டியதில்லை. கிறிஸ்தவத் தமிழரும் பொங்கல் வைக்கிறார்கள். "தமிழர் அறுவடைத் திருநாள்" என்பது எல்லோருக்கும் பொருந்துகிறது.

ஒரே ஒரு காட்சி

போகி, சூரியப் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், கோலம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஜல்லிக்கட்டு என்று அத்தனையும் சொல்ல ஆசை வரும். நான்கு நாளையும் அடுக்கினால் கைபேசியில் இரண்டு திரை நீளும். வேலை நேரத்தில் அதை முழுக்கப் படிப்பவர் இருக்கமாட்டார். ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பால் பொங்கி வழிவதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது: பண்டிகையின் பெயரே அதுதான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அடுப்பில் பால் வழிந்தால் நம் வீட்டிலும் மற்ற நாளில் "ஐயோ, பால் போச்சு" என்றுதான் ஓடுவோம். சீன வாசகருக்கும் 溢出来 (வழிந்துவிட்டது) என்றாலே கவனக்குறைவுதான் தோன்றும். அதனால் 特意 (தெ யீ, வேண்டுமென்றே) என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தே ஆகவேண்டும். 特意让它溢出锅外, அதாவது "வேண்டுமென்றே அது பானைக்கு வெளியே வழியும்படி விடுகிறோம்." இந்த இரண்டு எழுத்து இல்லாவிட்டால், பால் வழிந்ததற்கு வீட்டார் ஏன் கூவிக் கொண்டாடுகிறார்கள் என்பது புரியாமலே போய்விடும்.

அடுத்து, வழிவதன் பொருளைச் சொல்ல அவர்கள் மொழியிலேயே ஓர் ஆயத்தச் சொல் இருக்கிறது: 年年有余 (நியென் நியென் யோ யூ), "ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும்." சீனப் புத்தாண்டில் வீட்டுக்கு வீடு ஒட்டும் வாழ்த்து இது. தேவைக்கு மேல் இருந்து மிஞ்சுவதே வளம் என்ற எண்ணம் இரண்டு பண்பாட்டிலும் ஒன்று. பொங்கல் சனவரி நடுவில் வருவதும் வசதி. 2026இல் பொங்கலுக்கும் பிப்ரவரி 17இல் வந்த சீனப் புத்தாண்டுக்கும் ஒரு மாத இடைவெளிதான். அந்த வாழ்த்து எல்லோர் காதிலும் ஒலிக்கத் தொடங்கும் நேரம் அது.

ஒப்பிடும்போது 就像春节说的 (சீனப் புத்தாண்டில் சொல்வதுபோல) என்று எழுதுங்கள். "உங்கள் சீனர்கள் சொல்வதுபோல" என்ற தொனி வந்தால் நாம் வேறு, நீங்கள் வேறு என்று பிரித்ததாகிவிடும். சிங்கப்பூர், மலேசியச் சீனர் தம்மை 华人 என்று சொல்லிக்கொள்வார்கள். சீனாவிலிருந்து வந்தவர் அந்தச் சொல்லைத் தமக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. பண்டிகையின் பெயரைச் சொன்னால் இருவருக்கும் பொதுவாக நிற்கும்.

நன்றி சொல்லும் வரியில் 感谢太阳、雨水和耕牛 போதும்: கதிரவனுக்கும் மழைக்கும் உழவு மாட்டுக்கும் நன்றி. வெறும் 牛 என்று எழுதாமல் 耕牛 (கெங் நியோ, உழும் மாடு) என்று எழுதுவது முக்கியம். வயலில் நம்மோடு உழைத்த மாடு என்பது அந்த ஓர் எழுத்தால் தெளிவாகிவிடும். மாட்டைத் தெய்வமாக வணங்கும் வழக்கம் பற்றிய நீண்ட விளக்கம் வேண்டியிருக்காது. சீன உழவரும் எருதைக் கொண்டு உழுதவர்களே.

ஜல்லிக்கட்டைச் செய்தியில் சேர்க்க வேண்டாம். 斗牛 என்று எழுதினால் ஸ்பெயினில் வாளால் காளையைக் கொல்லும் விளையாட்டே கண்முன் வரும். ஏறு தழுவுதலை விளக்க ஒரு பத்தி வேண்டும். குறுஞ்செய்தியில் அதற்கு இடமில்லை. போகியைச் சொல்லவே வேண்டுமென்றால் "பழையதை எரிக்கிறோம்" என்று எழுதாதீர்கள். 烧 (எரி) என்றதும் நீத்தாருக்குக் காகிதம் எரிக்கும் வழக்கம் நினைவுக்கு வரலாம். 清理旧物 (பழைய பொருளை ஒழித்துக் கட்டுதல்) என்றால் அவர்கள் புத்தாண்டுக்கு முன் செய்யும் வீட்டுத் துப்புரவு போலவே புரிந்துகொள்வார்கள்.

உணவுச் சொற்கள்: பிழை அதிகம் நேரும் இடம்

சர்க்கரைப் பொங்கலை 甜米饭 (தியென் மீ ஃபான், இனிப்புச் சோறு) என்று எழுதலாம். 粥 (கஞ்சி) என்று எழுதினால் கிண்ணத்தில் நீராக ஏதோ வரும் என்று எதிர்பார்ப்பார்கள்.

பாசிப்பருப்பை 绿豆 என்று மட்டும் எழுதினால் பச்சைத் தோலுடன் கூடிய முழுப்பயறு. நாம் போடுவது தோல் நீக்கி உடைத்தது, 去皮绿豆. சிங்கப்பூர்க் கடைகளில் விற்கும் 豆爽 (தாவ் சுவான்) என்ற இனிப்பில் போடுவதும் இதே பருப்புதான். யாராவது "இது என்ன மஞ்சளாக?" என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

வெல்லத்துக்கு 红糖 (ஹோங் தாங்) என்பது நெருங்கிய சொல். கரும்பிலிருந்து வரும் சுத்திகரிக்காத சர்க்கரை அது. பனைவெல்லம் போட்டிருந்தால் 棕榈糖.

நெய்யில்தான் பெரிய ஆபத்து. சிங்கப்பூரில் 牛油 (நியோ யோ) என்றால் வெண்ணெய். நெய்க்கும் அதுதான் கிட்டத்தட்ட என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் சீனாவிலிருந்து வந்தவருக்கு, குறிப்பாகச் சிச்சுவான் காரக் குழம்புக் கொப்பரையைச் சாப்பிட்டுப் பழகியவருக்கு, 牛油 என்பது மாட்டுக் கொழுப்பு. மாட்டுக்கு நன்றி சொல்கிறோம் என்ற வரிக்குக் கீழேயே அந்தச் சொல் வந்து நின்றால் செய்தி முழுவதும் குலைந்துவிடும். 印度酥油 (இந்திய நெய்) என்று எழுதுங்கள். வெறும் 酥油 என்றால் திபெத்திய வெண்ணெய்த் தேநீர் நினைவுக்கு வரும். முன்னால் உள்ள 印度 அதைத் தவிர்க்கும்.

ஏலக்காய் 小豆蔻. முன்னால் உள்ள 小 விடுபட்டு 肉豆蔻 ஆகிவிட்டால் அது சாதிக்காய். பச்சைக் கற்பூரம் போட்டிருந்தால் பட்டியலில் அதைச் சேர்க்காமல், கேட்பவரிடம் நேரில் சொல்லுங்கள். 樟脑 (ஜாங் நாவ்) என்ற சொல்லைப் படித்தவுடன் அலமாரியில் போடும் பூச்சி உருண்டைதான் மனத்தில் வரும். கிண்ணத்தைத் தொடத் தயங்குவார்கள். அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பொங்கலில் அதைப் போடாமலே விடுவது இன்னும் எளிது.

கோலத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்க நினைத்தால் இதை மறக்காதீர்கள்: அரிசி மாவு என்று நினைத்து 米粉 (மீ ஃபென்) என்று எழுதினால் அது அரிசிச் சேமியா. "வாசலில் சேமியாவால் படம் வரைகிறோம்" என்று படிப்பார்கள். 用白米磨的粉, "வெள்ளரிசி அரைத்த பொடியால்" என்று விரித்து எழுதுங்கள். மஞ்சள் கொத்துக்கும் இதே கவனம் வேண்டும்: சிங்கப்பூர், மலேசியாவில் மஞ்சள் 黄姜, சீனாவில் 姜黄. எழுத்துகள் இடம் மாறியிருந்தாலும் இரண்டு ஊரிலும் ஓரளவு புரியும்.

செய்தி

2026இல் தமிழ்நாட்டில் பொங்கல் சனவரி 15, வியாழக்கிழமை வந்தது, 2025இல் 14. ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். இது நேரே பயன்படுத்தக்கூடிய வடிவம்:

```
各位同事早上好！
今天（1月15日）是淡米尔人的丰收节，叫 Pongal，意思是“煮沸溢出”。
早上我们先煮牛奶，特意让它溢出锅外，全家一起喊“Pongalo Pongal！”，再放新米煮饭。溢出来代表丰足，就像春节说的“年年有余”。我们用这锅饭感谢太阳、雨水和耕牛。
我带了一些甜米饭，放在茶水间。材料有大米、去皮绿豆、红糖、牛奶、印度酥油、腰果、葡萄干和小豆蔻。不含肉和蛋，含奶和坚果。最好中午前享用。
丰收节快乐！
```

இதன் பொருள்: "சக ஊழியர் அனைவருக்கும் காலை வணக்கம். இன்று சனவரி 15, தமிழரின் அறுவடைத் திருநாள். பெயர் பொங்கல், கொதித்து வழிதல் என்று பொருள். காலையில் முதலில் பால் காய்ச்சி, வேண்டுமென்றே அது பானைக்கு வெளியே வழிய விடுகிறோம். வீட்டார் எல்லோரும் சேர்ந்து 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகிறோம். பிறகு புது அரிசியிட்டுச் சமைக்கிறோம். வழிவது நிறைவைக் குறிக்கும். சீனப் புத்தாண்டில் 'ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும்' என்பதுபோல. இந்தச் சோற்றால் கதிரவனுக்கும் மழைக்கும் உழவு மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம். கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து தேநீர் அறையில் வைத்திருக்கிறேன். அரிசி, உடைத்த பாசிப்பருப்பு, வெல்லம், பால், நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் சேர்ந்தது. இறைச்சியும் முட்டையும் இல்லை. பாலும் கொட்டைப்பருப்பும் உண்டு. நண்பகலுக்குள் சாப்பிட்டால் நல்லது. அறுவடைத் திருநாள் வாழ்த்து!"

சீனாவிலோ சீனாவிலிருந்து வந்தவர் மட்டும் உள்ள குழுவிலோ 淡米尔人 என்பதை 泰米尔人 ஆக்குங்கள். மேலதிகாரிகளும் அங்கே இருந்தால் தொடக்கத்தை 各位领导、同事 என்று மாற்றுவது அங்குள்ள வழக்கம். ஹாங்காங், தைவான் தோழர்களுக்கு மரபெழுத்தில் அனுப்ப வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, சீனா மூன்றிலும் இந்தச் சுருக்க எழுத்தே போதும்.

உணவுப் பட்டியலில் 素食 (சைவம்) என்ற ஒற்றைச் சொல்லை ஏன் தவிர்த்தோம் என்று கேட்கலாம். பௌத்த வழக்கில் சைவம் உண்போர் சிலர் பால் சேர்ப்பார்கள், முட்டை சேர்க்கமாட்டார்கள். விலங்கிலிருந்து வரும் எதையுமே தொடாதவரும் உண்டு. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லிவிட்டால் அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். முந்திரி ஒவ்வாதவருக்கு 坚果 என்ற இரண்டு எழுத்துதான் பாதுகாப்பு. எதை வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள்.

தட்டச்சும் சரிபார்ப்பும்

தமிழ்ப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் ஒரே காற்புள்ளி போடுவோம். சீனத்தில் இரண்டு வகை. பொருள்களை அடுக்கும்போது 、 என்ற சிறு சாய்வுப் புள்ளி. வாக்கியத்தின் பகுதிகளைப் பிரிக்க ， என்ற முழு அகலக் காற்புள்ளி. முற்றுப்புள்ளி 。 என்ற சிறு வட்டம். சீன விசைப்பலகையைத் திறந்துவைத்தால் இவை தாமாகவே வரும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடக்கூடாது; Pongal என்ற ரோமன் சொல்லின் இருபுறமும் மட்டும் விடலாம்.

அனுப்புவதற்கு முந்தின நாளே சீனம் வாசிக்கும் ஒரு தோழருக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள். "சரியா?" என்று கேட்டால் மரியாதைக்கு "சரி" என்றுதான் பதில் வரும். 请帮我看看，有没有奇怪的地方？ ("கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், விநோதமாகத் தெரியும் இடம் ஏதும் உண்டா?") என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் குறை காட்டுவதே உதவி என்று ஆகிறது. அவரும் தயங்காமல் சொல்வார். "பாலை ஏன் வழிய விடுகிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் 特意 வரி தெளிவாக இல்லை என்று பொருள். முதலில் அதைத் திருத்துங்கள்.

மலாய், தமிழ், பிலிப்பினோ தோழர்களும் உள்ள குழு என்றால் சீனச் செய்தியை மட்டும் போடாதீர்கள். மேலே ஆங்கிலத்தில் அதே பொருளை மூன்று வரியில் வைத்து, கீழே சீனத்தை வையுங்கள். விடுப்புக் கேட்பதையும் இந்தச் செய்தியில் கலக்க வேண்டாம். பொங்கல் சிங்கப்பூரில் பொது விடுமுறை அல்ல. விடுப்பைத் தனியாக முன்னரே கேட்டுவிடுங்கள்.

படம் ஒன்று போதும். அலங்கரித்த பானையைவிட, மஞ்சள் கொத்து கட்டிய கழுத்தின் மேல் வெள்ளை நுரை எழும்பி ஒரு பக்கமாக வழியும் அந்த நொடியை எடுங்கள். செய்தியின் நடு வாக்கியம் அந்தப் படத்தில் இருக்கிறது. நுரை எழுந்து வழிந்து அடங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆகவே பால் ஓரத்தில் குமிழியிடத் தொடங்கும்போதே ஒருவர் கைபேசியுடன் நிற்க வேண்டும்.

பொங்கல் ஆறினால் கட்டியாகிவிடும். கிளம்புமுன் அரைக் கோப்பைச் சூடான பால் விட்டுக் கிளறி, மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு கோப்பை அரிசிக்குக் கால் கோப்பைப் பருப்பு போட்டுச் செய்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிறு கிண்ணத்தில் கொடுக்கலாம்.

பதில் வந்தால்

மூன்று கேள்விகளை எதிர்பாருங்கள்.

"இது உங்கள் புத்தாண்டா?" (这是你们的新年吗？) என்றால்: 不是新年，是丰收节。

"தீபாவளி மாதிரியா?" என்பது அடுத்தது. தீபாவளிக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 屠妖节 (தூ யாவ் ஜியே) என்று பெயர். அரக்கனை வதைத்த திருநாள் என்பது எழுத்தின் பொருள். பதில்: 不一样，屠妖节点灯，Pongal 煮新米。 ("வேறு. தீபாவளியில் விளக்கேற்றுவோம், பொங்கலில் புது அரிசி சமைப்போம்.")

மூன்றாவது, காவடியும் அலகும் பார்த்தவர் கேட்பது: "அந்த ஊர்வலம் எப்போது?" அவர் நினைப்பது தைப்பூசம், 大宝森节. அதே தை மாதத்தில் வருவதால் கலந்துவிடுகிறார்கள். 那是大宝森节，是另一个节日。 ("அது தைப்பூசம், வேறொரு திருநாள்.")

நேரில் வாழ்த்துச் சொல்லும்போது 丰收节快乐 என்பதை "ஃபெங் ஷோ ஜியே குவாய் லெ" என்று சொல்லுங்கள். முதல் இரண்டு அசையும் மேலே ஒரே மட்டத்தில் நிற்கும்; "ஜியே" கேள்வி கேட்பதுபோல் மேலேறும்; கடைசி இரண்டும் அழுத்தமாகக் கீழிறங்கும். "குவாய்" சொல்லும்போது உதட்டுக்கு முன் உள்ளங்கையை வைத்தால் காற்று வந்து மோத வேண்டும். மோதவில்லை என்றால் அது 怪 (விநோதம்) என்று கேட்கும்.